இலை வைக்காத படம்

கடலூர் முதுநகரில் என் ஸ்டுடியோவுக்கு அந்த அக்கா வந்தபோது, ஒரு கட்டைப்பை நிறைய வேப்பிலை கொண்டுவந்தார். கூடவே தேங்காய்ச் சிரட்டை, ஒரு பிடி ஆற்றுமணல். சிதம்பரத்தில் வாடகைக்கு ஒரு அறை எடுத்து, நாலு பெண்களை வைத்துத் துணிப்பை தைக்கிறார். ஆன்லைனில் விற்கும் ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி முதலில் படம் கேட்டிருந்தார். அந்த ஆர்டர் வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். அதை அவர் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

"பைய சுத்தி எலைய பரப்பி எடுத்துடு தம்பி. எல்லாரும் அப்டித்தான் போடுறாங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எதுக்குக்கா, பை வேப்பமரத்துலயா காய்க்குது?" என்றேன். பொருட்களைப் படமெடுத்துப் பிழைக்கிறவன் நான். எந்தப் பைக்குப் பக்கத்தில் இலை வைத்தாலும், அது மண்ணில் மக்கிவிடும் என்று பார்க்கிறவர் தானாகவே நம்பிக்கொள்வார். நாம் ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்க மாட்டோம், ஆனால் பொய் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

என் வழக்கப்படி, படமெடுக்க அவர் தைத்துக் கொண்டுவந்திருந்த பையின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்தினேன். காகிதம் எரிந்த வாசனை, கையில் பொடிந்துபோகிற சாம்பல். பருத்திதான். பிறகு கைப்பிடித் தையலில் ஒரு நூலைக் கொளுத்தினேன். அது உருகிச் சின்னக் கட்டியானது.

"தைச்ச நூலு பாலியஸ்டர்க்கா."

"பின்ன? பருத்தி நூல்ல தைச்சா அரிசி வெயிட்டுக்குப் பிச்சிக்கும்ல."

அவர் சொன்னது நியாயம். ஆனால் லேபிளில் 'நூறு சதவீதம் பருத்தி' என்று அச்சடித்திருந்தார். துணி பருத்தி, தையல்நூல் பாலியஸ்டர் என்று மாற்றச் சொன்னேன். முகம் சுருங்கியது. கடைசியில் சரி என்றார்.

வெறும் சாம்பல்நிற அட்டையைப் பைக்குப் பின்னால் நிறுத்தி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால் நெசவு தெரியும், சலவை செய்யாத காடாத்துணியில் இருக்கும் பருத்திக்கொட்டைத் துகள்கூடத் தெரியும். நிறத்தைப் பழுப்பாக்கி 'இயற்கை' பூசவில்லை. அரிசி நிரப்பி ஒன்று, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒன்று. அப்புறம் அவர் காய்கறி வாங்கக் கொண்டுபோகும் சொந்தப் பையைக் கேட்டேன். துவைத்துத் துவைத்துச் சுருங்கி, மஞ்சள் கறை படிந்து, கைப்பிடியில் ஒட்டுத் தையலோடு இருந்தது. திரும்பத் திரும்பப் பயன்படும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதையும் எடுத்தேன். அன்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

படங்கள் போயின. பதில் வரவில்லை. அக்கா போன் செய்து கேட்டதற்கு, "பழைய பை படமெல்லாம் எதுக்கும்மா? பாக்குறேன்" என்றாராம் அந்த ஆள்.

சில வாரம் கழித்து அக்காவே எனக்கு ஒரு லிங்க் அனுப்பினார். திறந்தால் என் படம். அரிசி நிரப்பிய அதே பை, அதே துகள்கள். பின்னால் மட்டும் பிச்சாவரம் மாதிரி ஒரு காடு, பச்சைத் தண்ணீர், மூலையில் ஒரு இலை முத்திரை. வெறும் அட்டை முன்னால் நிறுத்தி எடுத்த படத்தை வெட்டி எடுப்பது சுலபம். நானே அதைச் சுலபமாக்கிக் கொடுத்திருந்தேன்.

உடனே போன் போட்டேன். "ஆர்டர் வந்துச்சாக்கா?"

"எங்க? கீழ எறங்கிப் பாரு."

அந்தப் பக்கத்தின் கீழே, பையை வாங்கியவர்கள் போட்டிருந்த படங்கள். புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் உள்ள பை. பார்க்கத் துணி மாதிரி இருக்கும், உண்மையில் பிளாஸ்டிக். எங்கேயோ மலிவாக வாங்கி, அக்காவின் பையைக் காட்டி விற்றுக்கொண்டிருந்தார் அந்த ஆள். 'படத்தில் நெசவு தெரிகிறதே என்று நம்பி வாங்கினேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கேமராவில் இருந்த அசல் கோப்புகளை இணைத்து அந்தத் தளத்துக்குப் புகார் எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில் வந்தது. படம் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.

சிதம்பரம் போனேன். அறை காலியாகிக்கொண்டிருந்தது. தைத்த பெண்களில் இருவர் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார்களாம், மற்றவர்கள் வீட்டில். மெஷின்களை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"படம் நல்லா இருந்துச்சி தம்பி. நெசமாவே என் பைய மாதிரியே இருந்துச்சி. அதனாலதான் அவன் என்னய உட்டுட்டு அத மட்டும் எடுத்துக்கினான்."