முதல் கட்ட மருந்துக்கு ஒரு கையெழுத்து

என் மனைவியின் புற்றுநோய் ஈரலுக்குப் பரவி, கொடுத்த மருந்து எதுவும் கேட்காமல் போனபோது, மதுரை ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி மருந்து ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். உடனே பேனாவை எடுத்தேன். பட்டாசு ஆலையில் நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

"நீங்க இல்ல, அவங்கதான் போடணும்" என்றார் டாக்டர்.

அவள் பேனாவை வாங்கவில்லை. "இது என்னைக் குணமாக்கவா, இல்ல எம்புட்டு மருந்து தாங்குவேன்னு பாக்கவா?"

"இது முதல் கட்டம்மா. எந்த அளவு பாதுகாப்புன்னு பாக்குறதுதான் முக்கியம். பலன் கிடைக்கலாம், உறுதி சொல்ல முடியாது."

"நடுவுல விலகிட்டா?"

"எப்ப வேணா விலகலாம். வழக்கமான வைத்தியம் நிக்காது."

"போட்டுரு தாயி" என்று கெஞ்சினேன்.

"புது வெடியக் கொளுத்திட்டு நீங்க ஓடிருவீக. நான் எங்கன ஓட?" என்று சிரித்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஒப்புதல் தாளை வாங்கிக்கொண்டாள்.

விருதுநகர் பஸ்ஸில் அதை என்னிடம் நீட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். என்னென்ன கெடுதல் வரலாம் என்ற இடம் வந்ததும் தாளை மடிக்கப் போனேன்.

"படிங்க" என்றாள்.