கழுகு அக்காவுக்குப் போட்டியாக ஒரு விதி

கணக்குப் பிரிவில் அவளைக் கழுகு அக்கா என்பார்கள். சப்ளையர் ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்பினால் அவள் கண்தான் பிடிக்கும். அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டாள் புதிதாக வந்த பெண். எக்செல்லில் அவள் போட்ட விதி, பில் எண் பத்தியில் ஏற்கெனவே இருக்கிற எண்ணைத் தட்டி என்டர் அடித்தால், ஒரு பெட்டியைக் காட்டி ஏற்க மறுத்துவிடும்.

"இனிமே கழுகு கண்ணை மூடித் தூங்கலாம்" என்றார் மேனேஜர்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் "கெட்டிக்காரிம்மா நீ" என்று சிரித்தாள். உச்சி குளிர்ந்த பெண், விதியின் ஓட்டையையும் சொல்லிவிட்டாள். "டைப் பண்ணாத்தான்க்கா தடுக்கும். காப்பி பண்ணி ஒட்டினா விட்டுடும். அதைச் சரிபண்ற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்."

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனதும், அக்கா ஒரு பழைய பில்லின் எண்ணைக் காப்பி செய்து கடைசி வரியில் ஒட்டி, மற்ற விவரங்களையும் நிரப்பினாள். சாயங்காலம் மேனேஜரை அழைத்து, தானே கண்டுபிடித்ததுபோல் காட்டினாள்.

"பாருங்க சார், இவளோட விதி கோட்டை விட்டுடுச்சு."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"ஒட்டினா விடும்னு உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்க்கா."