முட்டையை நடுவில் நிறுத்திய பாடம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா கல்லடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறது உங்களுக்குத் தெரியும். நான் ஓட்டோ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்துக் காணொளிப் பாடங்களைப் போனில் பிடித்துக் கொடுப்பதும் நான்தான்.

போன வருஷம் அம்மா எழுதிய ஒரு பாடத்தை விஞ்ஞானப் பகுதிக்குப் பொறுப்பான சேர் வாங்கி, தன் குரலில் வாசித்து, கடைசியில் தன் பெயரைப் போட்டார். அம்மா அதை விட்டுவிட்டார். நான் மறக்கவில்லை.

இந்த வருஷம் அடர்த்தி பற்றிய பாடம். மழைக்காலத்தில் வாவியின் மேல்தண்ணீர் உப்புக் குறைந்திருக்கும், ஆழத்துத் தண்ணீர் கரிக்கும். ஏன் என்று ஒரு முட்டையை வைத்துக் காட்டுவது. தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் காமராவில் என்ன செய்து காட்டுவது, வலப்பக்கம் என்ன பேசுவது என்று அம்மா எழுதியிருந்தார்.

சேர் கேட்டனுப்பினார். அம்மா முகம் வாடிப்போனது.

"குடுக்காம இருக்கேலாதுங்க. அவருக்குக் கீழதானே வேலை செய்யிறன்."

"குடுப்பம். நான் போட்டோக் கொப்பி எடுத்துக் குடுக்கிறன்," என்றேன்.

கடையில் இடப்பக்கத்தை வெள்ளைத் தாளால் மூடி, பேச்சை மட்டும் கொப்பி எடுத்தேன். சேர் வாங்கிப் பார்த்தார். மற்றப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. அவருக்குப் பேச்சுத்தானே வேண்டும்.

பிடிக்கிற நாள் அதிபரும் வந்து நின்றார். புது முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீர், கண்ணாடிப் பாத்திரத்தில் பாதி; முட்டை அதில் மிதந்தது. சேர் உப்பில்லாத நல்ல தண்ணீர் இருந்த யக்கைத் தூக்கி மடமடவென்று ஊற்றினார். இரண்டும் கலந்தது. முட்டை கீழே போய்க்கொண்டிருக்க, அவர் தாளைப் பார்த்தபடி வாசித்தார்:

"இப்ப பாருங்க பிள்ளைகள், முட்டை நடுவில நிக்குது."

நான் போனை நிறுத்தவில்லை. முட்டைக்குக் கிட்டவாகக் கொண்டுபோனேன்.

"சேர், முட்டை அடியில கிடக்கு," என்றார் அதிபர்.

"உப்புப் பத்தல்ல போல."

"டீச்சர், நீங்க ஒருக்கா செய்ங்க பாப்பம்," என்று அதிபர் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொன்னார்.

அம்மா இடப்பக்கத்தில் எழுதியிருந்தபடியே புதிதாக உப்புத் தண்ணீர் கரைத்து, மிதக்கிற முட்டைக்கு மேலே ஒரு கரண்டியைப் பிடித்து, அதன் முதுகில் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல விட்டார். அது கலக்காமல் மேலே தங்கியது. முட்டை பாரம் கூடிய உப்புத் தண்ணீருக்கு மேலும், பாரம் குறைந்த நல்ல தண்ணீருக்குக் கீழும் நடுவில் நின்றது. அதைத்தான் பிள்ளைகளுக்கு அனுப்பினோம், அம்மாவின் குரலோடும் பெயரோடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்கு ஏசினார். "பிள்ளைகளுக்குப் பிழையாப் போயிருந்தா என்ன செய்வீங்க?"

"போன் என்ட கையிலதானே. போக விட்டிருக்க மாட்டன்."

மறுகா ஒரு நாள் சேர் ஓட்டோவில் ஏறினார். "தம்பி, அந்த முதல் பிடிச்சத அழிச்சிட்டீங்கதானே?"

"அது கிடக்கு சேர்," என்றேன்.

கல்லடிப் பாலம் தாண்டியதும் அவர் இறங்கிக்கொண்டார். அம்மாவும் அழிக்கச் சொல்கிறார். இன்னும் அழிக்கவில்லை. ஒருவருக்கும் அனுப்பவும் இல்லை. அவர் அடுத்த பாடத்தைக் கேட்டனுப்பாமல் இருக்கும் வரைக்கும் அது என் போனில் சும்மா கிடக்கும்.