வேலிக்குள் போன பாதை

எங்கள் வயலுக்குப் போகும் பாதையைப் பக்கத்து வயற்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். அவர் எங்களுக்குச் சித்தப்பா முறை. நெல் முற்றிக்கொண்டிருந்தது. பாதை திறக்காவிட்டால் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்க முடியாது; அதற்குள் மழை வந்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். பிரதேச செயலகத்தில் மனுக் கொடுப்பதென்று அண்ணன் புறப்பட்டான். அவன் வாயைக் கவனித்துக்கொள்ள அம்மா என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டார்.

செயலக வாசலுக்கு எதிரே, பெரிய நீலக் குடையின் கீழ், மனு எழுதும் பெண் மேசை போட்டிருந்தார். வயது முப்பத்தைந்துக்கு மேலிராது. தாள்கள் பறக்காதிருக்க அவற்றின்மேல் ஒரு மாங்காய் வைத்திருந்தார்.

"என்ன தம்பி, ஆரோடை சண்டை?"

"சண்டை இல்லை அக்கா, அநியாயம்."

"அப்ப இருங்கோ. சண்டையெண்டால் பொலிசுக்கெல்லோ அனுப்ப வேணும்."

அண்ணன் சித்தப்பாவின் மகள் கலியாணத்திலிருந்து தொடங்கினான். எங்களுக்கு நேரில் வந்து சொல்லாததை விளக்கி, அங்கிருந்து ஒரு மாட்டுத் தகராறுக்குப் போனான். மனு எழுதும் அக்கா பேனையை மூடி வைத்தார்.

"எழுதுங்கோவன் அக்கா."

"என்னத்தை? கலியாணத்துக்குச் சொல்லாததை விசாரிக்கக் காணிக் கிளையிலை ஆள் இல்லை. இப்ப நான்தான் பிரதேச செயலாளர் எண்டு நினையுங்கோ. உங்களுக்குப் பின்னாலை கனபேர் நிக்கினம். சொல்லுங்கோ."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஐயா, எங்கட பாதையை அடைச்சுப்போட்டினம்."

"எங்கட எண்டால்?"

"அப்பா காடு வெட்டித் திறந்த பாதை. கிரவலும் அவர்தான் கொட்டினவர்."

"அப்ப அது உங்கள் ரெண்டு பேருக்கும் இடையிலை உள்ள பிரச்சினை. மத்தியஸ்த சபைக்குப் போங்கோ. அடுத்த ஆள்!"

அண்ணன் உண்மையாகவே எழுந்துவிட்டான். அவர் சிரித்துக்கொண்டு மறுபடியும் இருத்தினார்.

"காணிப் பேர்மிட்டை எடுங்கோ. காணிக்குத் தெற்கு எல்லை என்ன போட்டிருக்கு?"

"பாதை ஒதுக்கீடு."

"ஒதுக்கினது ஆர்?"

"அரசாங்கம்."

"அப்ப அது ஆரின்ரை பாதை?"

அண்ணன் பேர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இறந்துபோன அப்பாவின் கைவேலையில் இன்னும் புழக்கத்தில் மிஞ்சியிருப்பது அந்தப் பாதை ஒன்றுதான்.

"அப்பா வெட்டினதெண்டு ஒரு வரியும் போடக்கூடாதோ?" என்றான்.

"அதை ஊர் அறியும், தம்பி. உங்கட பாதையெண்டால் செயலகத்து ஆக்கள் அளக்க வரமாட்டினம். அரசாங்க ஒதுக்கீட்டுக்குள்ளை வேலி நிக்குதெண்டால் வரத்தான் வேணும். சரி, என்ன கேக்கப்போறியள்?"

"அவருக்குத் தண்டனை."

"அது கோட்டிலை, நீதவான் குடுக்கிறது. ஐயாவாலை அளப்பிக்கலாம், வேலியை எடுக்கச் சொல்லலாம். அவராலை ஏலுமானதைக் கேளுங்கோ."

சித்தப்பாவின் பெயரை ஒரேயொரு தடவை, முன்னால் 'திரு' சேர்த்து எழுதினார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தாளுக்குத் திருவோ?"

"ஓம். இதின்ரை பிரதி அவரின்ரை கைக்கும் போகும். கோவிக்க அதிலை ஒண்டும் இருக்கப்படாது."

பிறகு அண்ணனே ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எழுதினார்: யார், எந்தக் காணி, வேலி எப்போது போடப்பட்டது, கிராம அலுவலரிடம் எப்போது முறையிட்டோம், அறுவடை ஏன் காத்திருக்காது. கடைசி வரி: "ஒதுக்கீட்டை அளந்து எல்லையிட்டு, தடையை அகற்ற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பேர்மிட் பிரதியையும் வேலியின் படத்தையும் இணைத்தார். எங்கள் பிரதியில் 'கிடைக்கப்பெற்றது' முத்திரை விழாமல் வெளியே வரக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளே பிரதேச செயலாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "தனிப்பட்ட பாதையோ?"

அண்ணன் பேர்மிட்டின் தெற்கு எல்லையில் விரலை வைத்தான். "இல்லை ஐயா. அரச ஒதுக்கீடு."

அவர் மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிக் காணிக் கிளைக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் காணி உத்தியோகத்தர் அளவு நாடாவுடன் வந்தார். கிராம அலுவலரும் கூட நின்றார். வேலி ஒதுக்கீட்டுக்குள்தான் நின்றது. சித்தப்பா தன் பிரதியை இரண்டு முறை வாசித்தார். சண்டைக்கென்று மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டார்.

"மரியாதையாத்தான் எழுதியிருக்கிறாங்கள். அரசாங்கப் பாதையெண்டால் நானேன் மறிக்கப்போறன்? கொப்பா வெட்டினது, கொப்பா வெட்டினதெண்டு கொம்மா கத்தினபடியாலெல்லோ அடைச்சனான்!"

கட்டைகளை அவரே பிடுங்கினார். மெசின் வந்த அன்று, அரசாங்கப் பாதைதானே என்று மெசினை மறித்துத் தன் வயலுக்குள் முதலில் இறக்கிக்கொண்டார். அண்ணன் வரம்பில் நின்று பல்லைக் கடித்தான். பின்னேரம் மெசின் எங்கள் வயலுக்குள் திரும்பியது. சித்தப்பா ஓட்டுநருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, எந்த மூலையில் சேறு இருக்கிறதென்று கைகாட்டிக்கொண்டே வந்தார். இருட்டுவதற்குள் கடைசி மூட்டையும் தைத்தாயிற்று.