தெளிவாகக் குறிப்பிட்டபடி

எங்கள் லேபிள் அச்சகத்தில் அவளுக்கு ‘தந்தி அக்கா’ என்று பெயர். நான்கு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஐந்தாவது வார்த்தை செலவழிக்க மாட்டாள். வாடிக்கையாளருக்கு மாதிரி அனுப்பி, ஒப்புதல் வாங்கி, அச்சுக்கு ஏற்றும் வேலை ஒன்பது வருடமாக அவளுடையது. லேபிளை வடிவமைக்கிற நான் அவளுக்கு எதிர் மேஜை. ஆகவே அவள் விசைப்பலகையைத் தட்டுகிற வேகத்திலேயே எவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுவேன்.

மருந்து கம்பெனி ஒன்றின் இருமல் மருந்துக்கு, பெரிய பாட்டில் லேபிளுக்கு மூன்று வாரமாக ஒப்புதல் வரவில்லை. அங்கே தரம் பார்க்கிற பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அக்கா மூன்று முறை நினைவூட்டினாள். மூன்றிலும் ஒரே தொடக்கம்: “எனது முந்தைய மின்னஞ்சலில் தெளிவாகக் குறிப்பிட்டபடி...” பதிலாக அந்தப் பெண்ணின் மேலதிகாரியிடமிருந்து எங்கள் மேனேஜருக்குப் புகார்தான் வந்தது.

“திட்டுற மாதிரி எழுதறாங்களாம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா ஒரு மெயில் போடுங்க. இதுவும் சரியா வரலைன்னா அந்தக் கம்பெனிய வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்” என்றார் மேனேஜர்.

அந்தக் கம்பெனியை எங்களிடம் கொண்டுவந்ததே அக்காதான். அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

“நான் எங்கடி திட்டினேன்? சொன்னத சொன்னேன்னுதானே எழுதினேன்?”

“அதத்தான்க்கா, வீட்ல உங்க வீட்டுக்காரர் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ன்னா என்ன பண்ணுவீங்க?”

“அன்னைக்கு அவருக்குச் சாப்பாடு கிடையாது” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அதன் பிறகு அவளுக்குக் கோபம் போய் ஆர்வம் பிடித்துக்கொண்டது. அனுப்பிய மெயில்களில் ‘குறிப்பிட்டபடி’ என்று தேடிப் பார்த்தாள். இந்த வருடத்தில் மட்டும் நாற்பத்தொரு இடம். எல்லாம் பதில் தாமதமான இடங்கள். உடனே பதில் போடுகிறவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. “அட, இது எரிச்சல் வந்தா மட்டும் வர்ற வார்த்தையா!” என்று ஏதோ புதையல் கிடைத்ததுபோல் திரையைக் காட்டினாள்.

மாற்றி எழுதி எழுதி என்னிடம் வாசித்தாள். முதலில் பழைய வரிக்கு முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தாள்.

“பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்ற மாதிரி இருக்குக்கா.”

“‘ஒருவேளை தாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம்’?”

“கண்ணு தெரியலையான்னு மரியாதையா கேக்கறீங்க.”

சிரித்துவிட்டாள். எழுதியதையெல்லாம் மறுபடி வாசித்துப் பார்த்தாள். “இது எல்லாமே போன மெயிலப் பத்தித்தானே பேசுது? அந்தப் பொண்ணுக்கு வேண்டியது லேபிளும் தேதியும். அத அங்க போய்த் தேடுன்னு ஏன் விரட்டணும்? இங்கயே கொடுத்துட்டா என்ன?”

எழுதினாள்: “வணக்கம். இருமல் மருந்து, பெரிய பாட்டில் லேபிளின் மாதிரியை உங்கள் வசதிக்காக மீண்டும் இணைத்துள்ளேன். சரியா, திருத்தம் உண்டா என்று புதன் மதியத்துக்குள் சொன்னால் வியாழன் காலை அச்சுக்கு ஏற்றலாம். ஏதாவது விளக்கம் தேவையென்றால் கேளுங்கள்.”

வாசித்தபோது குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்கே அதிசயம்.

மாதிரியை இணைக்கப் பழைய மெயிலைத் திறந்தாள். என்னைக் கைகாட்டி அழைத்தாள். நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். அதில் இருந்தது சின்ன பாட்டில் லேபிள். போன வருடமே அச்சாகி முடிந்தது. மூன்று வாரமாக ‘தெளிவாகக் குறிப்பிட்ட’ மெயிலில் பெரிய பாட்டிலே இல்லை.

அவள் காது சிவந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் சரியான கோப்பை மட்டும் அனுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் ‘மீண்டும்’ என்ற வார்த்தையை அழித்து, வணக்கத்துக்கு அடுத்து “முதலில் தவறான மாதிரியை அனுப்பியவள் நான்தான், மன்னிக்கவும்” என்று எழுதி, சரியான மாதிரியை இணைத்து, மேனேஜருக்கும் நகல் போட்டு அனுப்பினாள்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. “மாதிரி சரியாக உள்ளது, அச்சிடலாம். முன்பு வந்தது சின்ன பாட்டில் என்று முதல் நாளே பார்த்தேன். தெளிவாக என்று நீங்கள் எழுதியிருந்ததால் எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது.”

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து, “ஒப்புதல் வந்துடுச்சா? அப்ப அந்தக் கம்பெனி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

“மூணு வாரமா ஒரு பொண்ண பயமுறுத்தி வச்சிருக்கேன்டி” என்றாள் என்னிடம்.

பிறகு போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி அழுத்தினாள். அதுவரை இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத அக்கா அரை மணி நேரம் பேசினாள்.