இடது நெற்றிக்கு மேலே ஒரு சுழி

புதுப்பட்டினம் கடைத்தெருவில் நான் ஸ்டூடியோ நடத்திய காலத்தில் என்னிடம் பல பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஷாரோனை மட்டும் நான் வேலைக்காரி என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

2002இல் வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. அவள் அப்பா தாவீது அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டு வளர்ந்தவர். பிறகு கல்பாக்கத்தில் கான்டிராக்ட் வேலைக்குப் போய், மகளை ஆறு மாதம் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். நான் அந்த வருஷம்தான் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கியிருந்தேன். எனக்கு அதில் மௌஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

முகத்தில் பரு எடுப்பது, பின்னால் தொங்கும் துணியின் நிறம் மாற்றுவது எல்லாம் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். முடிதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. பெண் பார்க்கக் கொடுக்கும் போட்டோவில் ரப்பர் பேண்டு தெரிகிறது, பாஸ்போர்ட்டுக்கு ஹேர்பேண்டு கூடாது என்று வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். முதலில் பக்கத்து முடியையே நகல் எடுத்து மேலே ஒட்டிக்கொண்டே போனாள். கோரைப்பாய் மாதிரி ஒரே கோடு திரும்பத் திரும்ப வந்தது.

"பேண்ட எடுத்துடலாம்ணா. அது இழுத்துப் புடிச்ச முடி அப்படியே நிக்குது. கண்ணுக்குத் தெரியாத கை ஒண்ணு கொத்தாப் புடிச்சிகினு கீற மாதிரி" என்றாள்.

அதற்கப்புறம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்களின் தலையையே பார்த்துக்கொண்டு வருவாள். வகிடு எங்கே ஆரம்பிக்கிறது, முடி எந்தப் பக்கம் சாய்கிறது, வெளிச்சம் எந்த இடத்தில் விழுகிறது என்று. ஒரு வருஷத்தில் எங்களுக்கு பிரிண்ட் போடும் செங்கல்பட்டு லேப்காரர்களே, "முத்துசாமி, யாருய்யா உன்கிட்ட முடி வேலை பாக்கறது?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

2003 ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஆபீஸ் பஸ் இறங்கி நேராகக் கடைக்கு வந்தார் நரசிம்மன் சார். அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மனைவி தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, ஒரே மகள் சியாமளா. அந்தப் பெண் காலேஜ் சேர்ந்தபோது நான்தான் அவளைப் படம் எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் கவரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். நீலத் தாவணி, லேசான சிரிப்பு, இடது நெற்றிக்கு மேலே கல் வைத்த பட்டாம்பூச்சிக் கிளிப்.

"இந்தக் கிளிப்பை எடுத்துடணும். எவ்வளவு ஆனாலும் சரி."

"ஏன் சார், நல்லாத்தான கீது?" என்றேன்.

அந்தக் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சியாமளா இரண்டு வருஷத்துக்கு முன்னால் அச்சரப்பாக்கத்துப் பையன் ஒருத்தனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து அவளோடு பேச்சில்லை. அந்தக் கிளிப் அவன் வாங்கிக் கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்ததாம். "பொண்ணு சுவத்துல இருக்கட்டும். அது இருக்க வேண்டாம்."

பையன் பெயர் ஹேமந்த் என்றார். காலனி என்ற வார்த்தையையும் சொன்னார். சொன்ன பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஷாரோனைப் பார்த்தார். அவள் வீடும் காலனியில்தான். அவள் திரும்பவில்லை.

அவர் போனதும் கேட்டாள்: "அண்ணா, கிளிப்ப மட்டுமா எடுக்கச் சொல்றாரு?"

"வேணான்னா சொல்லிடு. திருப்பிக் குடுத்துடறேன்."

"இன்னாத்துக்கு? வேலைதான" என்று படத்தை ஸ்கேனரில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தபோது பாதி முடித்திருந்தாள். கிளிப் இருந்த இடத்துக்கு வலப்பக்கத்து முடியை ஒரு பட்டையாக எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, சாய்வு பார்த்துப் பொருத்தியிருந்தாள். விளக்கு இடப்பக்கம் வைத்து நான் எடுத்த படம். அதனால் வலப்பக்கத்து முடி கொஞ்சம் இருட்டு. அதன் வெளிச்சத்தையும் ஏற்றியிருந்தாள். எனக்குக் குறையே தெரியவில்லை.

நரசிம்மன் சார் குனிந்து பார்த்தார். "இல்லம்மா. அவளுக்கு இப்படிப் படியாது."

"அப்ப எப்டி சார் இருக்கும்? நான் அந்தப் பொண்ண பாத்ததில்ல. நீங்கதான் சொல்லணும்."

"இங்க ஒரு சுழி" என்று திரையில் விரல் வைத்தார். "முடி இங்கேருந்து மேல எழும்பித்தான் கீழ விழும். ஆறு வயசுலேருந்து நான்தானே தலை வாரினேன்."

ஷாரோன் ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அன்றும் அடுத்த இரண்டு சாயங்காலமும் அவர் அதில் உட்கார்ந்தார். ஒட்டிய பட்டையை அவள் அழித்துவிட்டு, சுழியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முடியாக வரைந்தாள். அடியில் கனமாக, நுனியில் மெலிதாக. பக்கத்து முடியிலிருந்தே நிறம் எடுத்து, ஒரு கோடு கருப்பு, அடுத்தது கொஞ்சம் செம்பட்டை. கிளிப் இழுத்திருந்த கொத்தைத் தளர்த்தினாள். நெற்றியில் விழுந்திருந்த அதன் நிழலையும் எடுத்தாள்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஸ்கூல் பஸ் ஏழே முக்காலுக்கு வரும். அதற்குள் ரெட்டைப் பின்னல். முதல் மாதமெல்லாம் ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சகுந்தலா மாமி ஜன்னல் வழியாகச் சிரிப்பாளாம். குழந்தை, கையில் இருக்கும் சீப்பின் பல்லை எண்ணிக்கொண்டு ஆடாமல் நிற்குமாம்.

"இந்தச் சுழிய இன்னா பண்ணுவீங்க?" ஷாரோன் கேட்டாள்.

"எண்ணெயும் தண்ணியும் தொட்டு அமுக்குவேன். பத்து மணிக்கெல்லாம் எழும்பிடும். கண்ணுல விழுதுன்னு அழுவா. கிளிப் கேப்பா. அதெல்லாம் பகட்டு, படிக்கிற பிள்ளைக்கு வேண்டாம்னு..."

மேஜைமேல் கிடந்த கவரை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. ஓரத்தில் பறக்கும் நாலைந்து முடியும் போட்டு, பழைய பிரிண்டின் பொடிப் பொடிப் புள்ளி புது முடியிலும் தெரியும்படி செய்து, படத்தை முழுதாகக் காட்டினாள். நீலத் தாவணிப் பெண்ணின் கண்ணில் ஒரு கற்றை விழுந்திருந்தது.

நரசிம்மன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "பத்து வருஷம் கேட்டாம்மா. ஒண்ணுகூட நான் வாங்கித் தரல. அவன்தான் வாங்கிக் கொடுத்திருக்கான்."

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"பிரிண்ட் போடட்டுமா சார்?" ஷாரோன் கேட்டாள்.

"போடும்மா. நீ கஷ்டப்பட்டிருக்கே." எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "அன்னிக்கு உன் எதிரே ஒண்ணு சொல்லிட்டேன். தப்பு."

"பரவால்ல சார்" என்றாள். அவர் போனபிறகு என்னிடம், "பரவால்லன்னு சொல்லிட்டேன். ஆனா நெசமா பரவால்லன்னு இல்லண்ணா" என்றாள். டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

சி.டி.யை செங்கல்பட்டுக்கு எடுத்துப்போய் பிரிண்ட் போட்டு வந்தேன். அதை வாங்கிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமையே அவர் அச்சரப்பாக்கம் போயிருக்கிறார். அவரே வந்து சொன்னதுதான். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே வீடு. கதவைத் திறந்தது ஹேமந்த். "உள்ள வாங்க சார்" என்றானாம். சியாமளா அப்பாவைப் பார்த்ததும் முதலில் கோபமாகத்தான் பேசினாளாம். இரண்டு வருஷத்துக் கோபம். இவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சாயங்கால பஸ்ஸுக்கு ஹேமந்த் வண்டியில் கொண்டுவந்து விட்டானாம். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வந்தார்.

ஷாரோன் 2007இல் கல்யாணமாகி மதுராந்தகம் போனாள். அங்கே ஏரிக்கரைப் பக்கம் ஒரு கடையில் கல்யாண ஆல்பம் செய்கிறாள் என்று கேள்வி. அவள் போனபிறகு வந்த பையன்களும் கெட்டிக்காரர்கள்தான். இருந்தாலும் ஆபீஸ் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு, "சார், இங்க வகிடு நேரா, கோணலா?" என்று அவள் கேட்ட மாதிரி இருக்கும். சில நாள் திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன்.