பதினைந்து நிமிடம் கேட்டு எழுதிய கடிதம்

சேந்தமங்கலத்து நாச்சிமுத்து, பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமில், சைகோனில் படம் வரைந்து பிழைத்தான். படம் என்றதும் சாமி படம் என்று நினைத்துவிடாதீர்கள். நில அளவைப் படம். வயல் எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்று மயிரிழை பிசகாமல் காகிதத்தில் இறக்குகிற வேலை. சேலத்தில் சர்வே படித்தவன், பாண்டிச்சேரியில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்து பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டு, 1931இல் அங்கிருந்தே கப்பலேறினான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி நாலே மாதம்.

ஒரு வருஷத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்று செல்லாயியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அவளும் நம்பி, அவனுடைய அண்ணன் வீட்டில், அண்ணன் சம்சாரம் சௌந்திரத்தோடு இருந்துகொண்டாள். வருஷம் ஏழாயிற்று. இவன் என்ன செய்வான்? வேலை ஒரு தனியார் சர்வேயரிடம். தங்கியது எட்டு ஆம்பிளைகள் பாய் விரிக்கிற ஒரே அறை. அங்கே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து எங்கே வைப்பது? சர்க்கார் சர்வே இலாகாவில் பரீட்சை எழுதித் தேறினால் வீடு கிடைக்கும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகப் படித்தான். ஆனால் அந்தப் பரீட்சையைத் தன்னை எழுத விடுவார்களா, அதற்குப் படிப்பது வீணா, வேறு எங்காவது முயற்சி செய்வதா என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். மொரேல் என்று பெயர். இலாகாவில் பெரிய எஞ்சினியர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வாய்க்கால் அளவையில் நாச்சிமுத்து வரைந்த படத்தைக் கையில் வாங்கி, "யார் போட்டது இது?" என்று கேட்டுப் பாராட்டியவர். அடுத்த வாரம் அவர் ஆறு மாத விடுப்பில் பிரான்ஸுக்குப் போகிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கடிதம் போடுவதென்று முடிவு செய்தான். இப்போது விட்டால் விட்டதுதான்.

அறையில் கூட இருந்த காரைக்கால்காரர் ஒருவர் பிரெஞ்சுக் கோர்ட்டில் குமாஸ்தா. கடிதம் எழுத அவர்தான் உட்கார்ந்தார். நாச்சிமுத்து முதலில் எழுதிய மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டார். குடும்பக் கஷ்டமெல்லாம் வேண்டாம், நம் ஊர்க் கலெக்டருக்கு மனு போடுகிற மாதிரி காலில் விழவும் வேண்டாம் என்றார். யார் நீ, அவர் உன்னை எங்கே பார்த்தார், என்ன வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும். இதற்கு மேல் ஒரு வரி கூடாது. முக்கியமாக, வேலை கேட்டு வரவில்லை, யோசனை கேட்டு வருகிறேன் என்று தெளிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "எஞ்சினியர் ஐயா அவர்களுக்கு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாய்க்கால் அளவையில் தங்களின் கீழ் படம் வரைந்தவன் நான். தங்களிடம் எந்தப் பதவியும் கோரவில்லை. என் தொழிலின் வருங்காலம் குறித்துத் தங்கள் யோசனையைக் கேட்க, தாங்கள் புறப்படுமுன் பதினைந்து நிமிடம் அளித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்." அதன் கீழே, அவர்கள் வழக்கப்படி, மரியாதை உணர்வுகளை ஏற்றுக்கொள்ளுமாறு ஒரு நீண்ட வாக்கியம்.

பரீட்சைக் கேள்வியையும் ஒரு வரியில் போட்டுவிடு என்றார் குமாஸ்தா. நாச்சிமுத்து ஒரே பிடியாக மறுத்தான். பார்க்காமல் கொள்ளாமல், எடுத்த எடுப்பில் காரியத்தைச் சொல்வது மனுஷன் செய்கிற வேலையா என்றான். அங்கேதான் ஐயா சறுக்கினான்.

மூன்றாம் நாள் மொரேலின் பெயர் அச்சடித்த சின்ன அட்டை வந்தது. வியாழக்கிழமை, பத்து மணி, பதினைந்து நிமிடம்.

அட்டையைச் செல்லாயியே அனுப்பியது போல, வியாழன் வரை இருந்த மூன்று நாளும் சட்டைப் பையில் வைத்திருந்தான். வியாழக்கிழமை இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். மொரேல் எழுந்து கைகொடுத்தார், உட்காரச் சொன்னார், அந்தப் படத்தை இன்னும் நினைவிருக்கிறது என்றார். பிறகு நேராகக் கேட்டார்.

"சொல்லுங்கள். என்னிடம் என்ன கேட்க வேண்டும்?"

நம் பக்கத்தில் பெரிய மனுஷர் வீட்டுக்குப் போனால் எப்படி? என்ன விஷயமாக வந்தாய் என்று கேட்பார்கள். ஒன்றுமில்லீங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க என்போம். அட, சொல்லு சாமி என்பார்கள். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்போம். மூன்றாம் தரம் அவர்களே அதட்டிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்போம். முதல் கேள்விக்கே காரியத்தைக் கொட்டுகிறவனைக் காரியவாதி என்று வீட்டுக்குள்ளேயே பேசுவார்கள். நாச்சிமுத்து பிரெஞ்சில் எல்லாம் பேசினான். ஆனால் நாக்குக்குப் பின்னால் இருந்தது சேந்தமங்கலம்.

"பெரிதாக ஒன்றுமில்லை ஐயா. தாங்கள் ஊருக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான்" என்றான்.

மொரேல் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "கடிதத்தில் யோசனை என்று எழுதியிருந்தீர்களே?"

ஆகா, இரண்டாம் தரம் கேட்டுவிட்டார், இன்னும் ஒரு தரம்தான் என்று இவன் மனம் குதித்தது. "அது இருக்கட்டும் ஐயா. தங்கள் உடம்பு சௌக்கியம்தானே?" என்றான்.

மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. ஏன் கேட்பார்? வேண்டாம் என்கிறவனை நோண்டுவது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு. பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று முகம் மலர்ந்து, ஊரில் தன் தாயார் இருப்பதையும், தோட்டத்து ஆப்பிள் மரங்களையும் பற்றிச் சொன்னார். நாச்சிமுத்து தலையாட்டிக்கொண்டே இருந்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பத்தேகாலுக்கு அவர் எழுந்து, வந்ததற்கு மனமார நன்றி சொல்லிக் கதவு வரை வந்து வழியனுப்பினார்.

நடந்ததைக் கேட்ட குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். அன்றே இன்னொரு கடிதம் எழுத வைத்தார், இந்தத் தரம் கேள்வியோடு. அது போய்ச் சேர்வதற்குள் மொரேலின் கப்பல் கிளம்பிவிட்டது. பிரான்ஸின் மார்செய் துறைமுகத்திலிருந்து அவர் பதில் வர மூன்று மாதமாயிற்று.

மனுஷர் நல்லவர், நான்கு வரியில் எல்லாம் சொல்லியிருந்தார். அந்தப் பரீட்சை பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும்தான். இவனைப் போன்ற பிரிட்டிஷ் பிரஜை எத்தனை வருஷம் படித்தாலும் உட்கார முடியாது. "ஆனால் நாம் சந்தித்த அந்த வாரமே ஒரு ரப்பர் தோட்டத்தார், குடும்பத்தோடு தங்க வீடும் தருகிறோம், நல்ல சர்வேயர் ஒருவரைச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். தங்களுக்கு ஏதும் தேவையில்லை என்று தோன்றியதால் வேறொருவர் பெயரைக் கொடுத்துவிட்டேன்." இன்னொரு வரி: "அன்று நீங்கள் ஏன் கேட்கவில்லை?"

இதைச் செல்லாயிக்கு எப்படி எழுதுவது? துரையைப் பார்த்தேன், நல்லபடியாகப் பேசினார், அடுத்த வருஷம் கட்டாயம் கூட்டிக்கொள்கிறேன் என்று எழுதினான். பொய்தான். வெறுங்கையோடு ஊருக்குப் போய் அவள் முகத்தில் விழிக்க வெட்கம். அந்த வெட்கத்தில் ஒரு வருஷம் போயிற்று. அதற்குள் யுத்தம் வந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். கப்பலும் கடிதமும் நின்றுபோயின.

1946இல்தான் ஊர் வந்து சேர்ந்தான். செல்லாயி காலராவில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சௌந்திரம் தண்ணீர் கொடுத்தாள். அழுது முடித்தபின், செல்லாயி கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டான்.

"கடைசியில என்னத்தச் சொன்னா, அவளுக்கு நெனவே இல்லியே" என்றாள் சௌந்திரம். "ஆனா வருசா வருசம் உங்கண்ணன், ஒரு எருமக் கன்னு புடிச்சுத் தாரேன், வளத்து அம்முணின்னு சொல்லுவாருங்க தம்பி. வேண்டாம்னுருவா. 'அது கறவைக்கு வர மூணு வருசமாகுமே, அதுக்குள்ள நா கப்பலேறிருவனேக்கா'ம்பா. சாவற வருசமும் அதயேதான் சொன்னா."